அகத்தோலைத் தாண்டிய கோடு

1993ஆம் ஆண்டு, உயர்தர வகுப்பின் தவணைப் பரீட்சையொன்றில், இருவித்திலைத் தாவர வேரின் குறுக்குவெட்டை வரைந்து ஆறு பகுதிகளுக்குப் பெயரிடும்படி கேட்டிருந்தார்கள். அந்தப் படத்தை நான் நித்திரையிலும் வரைவேன். வெளியிலிருந்து உள்ளே போனால் மேற்றோல், மேற்பட்டை, அகத்தோல், பரிவட்டவுறை. அவற்றுக்கு உள்ளே உணவைக் கடத்தும் உரியமும் நீரைக் கடத்தும் காழும். வரைந்து முடித்து, அடிமட்டம் வைத்துக் கோடுகள் இழுத்து, பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக நிரைப்படுத்தி எழுதினேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. விடைத்தாள் திரும்பி வந்தபோது ஆறில் மூன்று பிழை.

அகத்தோல் பிழை. பரிவட்டவுறை பிழை. உரியம் பிழை. நான் பெயர்களையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். சேர் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருந்தது பெயர்களை அல்ல, கோடுகளின் மறுமுனைகளை. படத்துக்குள் கிடந்த அந்த மூன்று சின்ன வட்டங்களும் அன்று என் கண்ணில் படவேயில்லை. சேர் அவசரத்தில் திருத்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, பாடசாலை முடிந்ததும் தாளுடன் ஆய்வுகூடத்துக்குப் போனேன். கண்ணீர் முட்டிக்கொண்டுதான் நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாவரவியலில் மூன்று புள்ளி என்பது அந்த நாட்களில் எனக்குச் சிறிய விடயம் அல்ல.

"சேர், இந்த மூன்று பெயரும் சரியானவை" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. ஒரு கடதாசித் துண்டை எடுத்து, நான் எழுதிய பெயர்கள் எல்லாவற்றையும் மறைத்தார். என்னுடன் வந்திருந்த தோழியைக் கூப்பிட்டு, "பிள்ளை, இந்தக் கோடு எங்கே போய் நிற்கிறது, சொல்லும் பார்ப்போம்" என்றார். அவள் குனிந்து பார்த்தாள். "பரிவட்டவுறையில் நிற்கிறது, சேர்." அடுத்த கோட்டைக் காட்டினார். அவள் தயங்கினாள். "பரிவட்டவுறையாகவும் இருக்கலாம், உரியமாகவும் இருக்கலாம்." மூன்றாவதைக் காட்டியபோது, "காழ்" என்றாள். சேர் கடதாசியை எடுத்தார். முதற்கோட்டுக்கு நேரே நான் எழுதியிருந்தது அகத்தோல். மூன்றாவதற்கு நேரே எழுதியிருந்தது உரியம்.

எனக்கு எதிராக ஒருவரும் தீர்ப்புச் சொல்லவில்லை. என் நெருங்கிய தோழி, நான் வரைந்த படத்தைப் பார்த்து, அதில் இருப்பதை வாசித்தாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனாலும் நான் விடவில்லை. "ஒரு மில்லிமீற்றர்தானே சேர் தள்ளிப் போயிருக்கிறது" என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இத்தனை வருடங்களாக என்னுடன் இருக்கிறது.

"பக்கவேர் எங்கேயிருந்து பிறக்கிறது?" என்று கேட்டார்.

"பரிவட்டவுறையிலிருந்து."

"கஸ்பாரியின் பட்டி எங்கே இருக்கிறது?"

"அகத்தோலில்."

"நீர் கோட்டை நிறுத்தியிருக்கிற இடத்தில் பக்கவேர் பிறக்கும். அந்த இடத்துக்கு அகத்தோல் என்று பெயர் எழுதியிருக்கிறீர். அதை நான் எப்படிச் சரி போடுவது?"

அந்த இரண்டு படைகளும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இருவித்திலை வேரில் அகத்தோல் ஒரு கலத் தடிப்பான படை. அதற்கு உட்புறமாக உள்ள பரிவட்டவுறையும் பெரும்பாலும் ஒரு கலத் தடிப்பே. ஆனால் வேலை வேறு. அகத்தோற் கலங்களின் சுவர்களைச் சுற்றி நீர் ஊடுருவாத கஸ்பாரியின் பட்டி இருப்பதனால், மேற்பட்டையில் கலச்சுவர் வழியே வந்த நீர் அந்த இடத்தில் தடுக்கப்பட்டு, கலத்தின் உள்ளே புகுந்துதான் அப்பால் போக வேண்டியிருக்கிறது. பரிவட்டவுறைக்கு அந்தக் காவல் வேலை இல்லை. அதன் கலங்கள் பிரிந்து புதிய பக்கவேரை உண்டாக்குகின்றன. படத்தில் ஒரு மில்லிமீற்றர் என்பது வேரில் ஒரு முழுப் படை. இது விளங்கிய பிறகு அந்தப் பிழையைச் சின்னப் பிழை என்று நான் சொன்னதில்லை.

அன்று மாலை சேர் மூன்று கோடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வைத்தார். மூன்றும் பக்கத்திலிருந்ததைத் தொட்டன, ஆனால் மூன்றும் ஒரே விதமாகத் தொடவில்லை. அகத்தோலுக்குப் போன கோடு இலக்கைத் தாண்டிவிட்டது. நான் பெயர் எழுதும் பக்கத்திலிருந்து படத்தை நோக்கிக் கோட்டை இழுத்திருக்கிறேன். கை ஓடிவந்த வேகத்தில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் அடுத்த படைக்குள் போயிருக்கிறது. பரிவட்டவுறைக்குப் போன கோடு தாண்டவில்லை. அது எல்லைக்கோட்டின் மேலேயே முடிந்தது. பரிவட்டவுறைக்கும் உரியத்துக்கும் நடுவே நான் வரைந்திருந்த கோட்டில் போய் முட்டி நின்றதனால், எந்தப் பக்கத்தைச் சொல்கிறது என்று யாராலும் தீர்மானிக்க முடியாது. உரியத்தின் கதை வேறு. அந்தக் கோடு சரிவாக வந்து, காழின் கையொன்றை உரசிக்கொண்டு போய், அதன் ஓரத்திலேயே முடிந்துவிட்டது. உரியத்தைத் தொடத்தான் செய்தது. ஆனால் காழையும் தொட்டது.

தாண்டுவது, எல்லையில் நிற்பது, உரசுவது. இப்போது நானும் உயிரியல் கற்பிக்கிறேன். திருத்துகிற தாள்களில் நான் காணும் பெயரிடற் பிழைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகின்றன. எது என்று கண்டுபிடித்தால்தான் திருத்தமும் கிடைக்கும், ஏனென்றால் தாண்டுவது கையின் பழக்கத்தால் வருவது, எல்லையில் நிற்பது படத்தின் அளவால் வருவது, உரசுவது படத்தை எந்தப் பக்கம் திருப்பி வரைந்தோம் என்பதால் வருவது.

கையின் பழக்கத்தை மாற்றுவது மிகச் சுலபம். கோட்டை உள்ளிருந்து வெளியே இழுக்க வேண்டும். முதலில் பென்சில் முனையை, பெயரிடப்போகும் பகுதியின் நடுவில் வைக்கவேண்டும். பென்சிலைத் தூக்காமல் அடிமட்டத்தைக் கொண்டுவந்து அந்த முனையோடு அணைக்கவேண்டும். பிறகு வெளியே, பெயர் எழுதும் இடத்துக்கு இழுக்கவேண்டும். இப்படிச் செய்தால் கோடு எங்கே தொடங்குகிறது என்பதை நாம் ஆறுதலாகத் தீர்மானிக்கிறோம். கை ஓடி முடிகிற இடம் வெற்றுத் தாளில் இருக்கிறது. அங்கே இரண்டு மில்லிமீற்றர் கூடினாலும் குறைந்தாலும் ஒரு பாதிப்பும் இல்லை. வெளியேயிருந்து உள்ளே இழுப்பவர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்: மிகுந்த கவனம் வேண்டிய இடத்துக்குக் கையை ஓட்டத்தோடு கொண்டுவருகிறார். என் வகுப்பில் யாராவது தாண்டிய கோட்டோடு வந்தால், நான் கேட்கும் முதற் கேள்வி, "எந்தப் பக்கத்திலிருந்து இழுத்தீர்?" என்பதுதான்.

படத்தின் அளவு சற்று நீளமான கதை. 1993இல் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடுகளுக்கு மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தோம். கொப்பிகளையும் பார்த்துப் பார்த்துத்தான் பாவித்தோம். ஒரு பக்கத்தில் நான்கு படங்களை அடக்கி வரைந்து பழகினேன். அந்த வெளிச்சத்தில் சிறிய படத்தில் எல்லைகள் எங்கே என்று கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. பரீட்சை மண்டபத்தில் முழுத்தாள் கையில் இருந்தபோதும் பழகிய கை பழகிய அளவிலேயே வரைந்தது.

சேர் அடிமட்டத்தை வைத்து அளந்து காட்டினார். என் வேரின் விட்டம் 6 சென்ரிமீற்றர். இருவித்திலை வேரில் மேற்பட்டை அகலமானது. அகத்தோலும் அதற்கு உட்பட்டவையும் நடுவிலே ஒரு சிறு வட்டமாகத்தான் இருக்கும். என் படத்தில் அந்த வட்டம் 2 சென்ரிமீற்றர், அதாவது நடுப்புள்ளியிலிருந்து 1 சென்ரிமீற்றர். அந்த ஒரு சென்ரிமீற்றருக்குள் அகத்தோல், பரிவட்டவுறை, உரியம், காழ் நான்கும் இருக்கவேண்டும். அகத்தோலுக்குக் கிடைத்த இடம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர். மழுங்கிய பென்சிலால் இழுத்த கோடே கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர் தடிப்பு. கோட்டின் தடிப்பும் படையின் அகலமும் இவ்வளவு நெருங்கி வந்த பிறகு, கோடு எங்கே நின்றாலும் எதையாவது தொடத்தான் செய்யும்.

இதையே 12 சென்ரிமீற்றர் விட்டத்தில் வரைந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நடு வட்டம் 4 சென்ரிமீற்றராகிறது. ஆரை 2 சென்ரிமீற்றர். அகத்தோலுக்கு 3 மில்லிமீற்றர், பரிவட்டவுறைக்கு 3 மில்லிமீற்றர் கொடுத்தாலும், உரியத்துக்கும் காழுக்கும் 14 மில்லிமீற்றர் மிஞ்சுகிறது. நன்றாகச் சீவிய பென்சிலின் கோடு அரை மில்லிமீற்றர் என்றால், அகத்தோலின் நடுவில் முனையை வைத்த பிறகும் இரு பக்கமும் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளைதான் திருத்துபவருக்குத் தேவை. முனையைச் சுற்றி வெள்ளை தெரிந்தால், அந்த முனை எதற்குள் இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகம் வராது. A4 தாளின் அகலம் 21 சென்ரிமீற்றர். 12 சென்ரிமீற்றர் படத்தை இடப்பக்கமாக ஒதுக்கி வரைந்தால் வலப்பக்கம் கோடுகளுக்கும் பெயர்களுக்கும் போதிய இடம் இருக்கும். படம் பெரிதானால் நேரம் கூடப்போகும் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். இழைய எல்லைகளை மாத்திரம் காட்டும் படத்தில் அப்படி ஆவதில்லை. அதில் கலங்களை ஒவ்வொன்றாக வரைவதில்லை. வளையங்களையும் காழின் உருவத்தையும் உரியத் திட்டுகளையும் மாத்திரம் வரைகிறோம். பெரிய வட்டம் போடச் சிறிய வட்டத்தை விட அதிக நேரம் பிடிப்பதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. அகத்தோலைச் சிலர் ஒரே ஒரு தடித்த கோடாக வரைந்துவிடுகிறார்கள். அப்படி வரைந்தால் அது படையா, எல்லையா என்றே தெரியாது; அதன்மேல் எப்படிக் கோட்டை நிறுத்தினாலும் மேற்பட்டையையோ பரிவட்டவுறையையோ தொடும். ஒரு கலத் தடிப்பானாலும் இரண்டு கோடுகளால், நடுவில் இடம் விட்டு வரைய வேண்டும். தண்டின் குறுக்குவெட்டில் காழுக்கும் உரியத்துக்கும் நடுவிலுள்ள மாறிழையத்துக்கும் இதேதான். அதை ஒற்றைக் கோடாக வரைந்துவிட்டுப் பெயரிட முனைபவர்கள் அடிக்கடி புள்ளியை இழக்கிறார்கள்.

மூன்றாவது பிழையான உரசலைத் தீர்த்தது, சேர் காட்டிய ஒரு சின்னத் திருப்பம். நாங்கள் ஆய்வுகூடத்தில் பயற்றங்கொடியின் இளம் வேரை மரவள்ளித் தண்டின் நடுவிலுள்ள பஞ்சு போன்ற பகுதிக்குள் வைத்து, சவர அலகால் மெல்லியதாக வெட்டி, வழுக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறோம். நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். நாங்கள் பார்த்த வெட்டில் காழ் நான்கு கைகளாக இருந்தது. அந்தக் கைகளுக்கு இடையேயுள்ள நான்கு இடைவெளிகளிலும் உரியம். புத்தகத்தில் உள்ள படத்தைப் பின்பற்றி நான் எப்போதும் காழைக் கூட்டற் குறிபோல வரைவேன்: மேலே ஒரு கை, கீழே ஒரு கை, இடமும் வலமும் ஒவ்வொரு கை. வலப்பக்கத்தில் பெயர் எழுதுபவருக்கு இதனால் என்ன சிக்கல் என்றால், நேர் வலத்தில் இருப்பது காழின் கை. உரியம் மேல் வலத்திலும் கீழ் வலத்திலும் ஒதுங்கியிருக்கும். வலப்பக்கத்திலிருந்து அதற்குக் கோடு போட்டால் அது சரிந்துதான் போகவேண்டும். சற்றுப் பிசகினாலும் காழின் கையை உரசும்.

சேர் தாளை என் முன்னாலேயே 45 பாகை திருப்பினார். கூட்டற் குறி பெருக்கற் குறியாக மாறியது. இப்போது காழின் கைகள் நான்கும் மூலைகளை நோக்கி நின்றன. நேர் வலத்தில் உரியத் திட்டு, திறந்த வாசல்போல. கிடையாக ஒரு கோடு இழுத்தால் காழின் பக்கமே போகாமல் உரியத்துக்குள் போய்விடுகிறது. "வேரை வெட்டி வழுக்கியில் போடும்போது அது எந்தப் பக்கம் திரும்பி விழுகிறது என்று பார்த்தா போடுகிறோம்? நீர் விரும்பிய பக்கம் திருப்பி வரையலாம்" என்றார். அதுவரை புத்தகத்தில் இருந்த திசையையும் படத்தின் ஒரு பகுதி என்றே நான் நினைத்திருந்தேன்.

அன்று இரவு நான் திரும்ப வரைந்த படத்தை இன்றும் மாணவருக்கு அதே ஒழுங்கில் வரைந்து காட்டுகிறேன். மணிக்கூட்டு முகத்தை நினைத்துக்கொண்டால் இலகுவாக விளங்கும். காழ் பெருக்கற் குறி. மூன்று மணித் திசையில் உரியம். அதன் நடுவிலிருந்து கிடையாக வெளியே ஒரு கோடு. ஒன்றரை மணித் திசையில் காழின் கை வருகிறது; அந்தக் கையின் அகலமான இடத்திலிருந்து அதே திசையில் மேலே சரிவாக ஒரு கோடு. வளையமாக உள்ள படைகளை எந்த இடத்திலும் காட்டலாம் என்பதால், பரிவட்டவுறையை இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் காட்டுகிறேன், அகத்தோலை நான்கு மணியில். இந்த இரண்டையும் அருகருகே காட்டுவதில்லை. ஒட்டியுள்ள இரண்டு படைகளுக்கு ஒரே இடத்தில் இரண்டு முனைகளை வைத்தால், எது எதனுடையது என்று பார்ப்பவர் தடுமாறுவார். மேற்பட்டைக்கும் மேற்றோலுக்கும் ஐந்து மணிப் பக்கம் தாராளமாக இடம் இருக்கிறது. கோடுகள் எல்லாம் கிடையாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒன்றையொன்று வெட்டாமல் இருந்தால் போதும். வளையப் படைகளுக்குக் கோடு முடிந்தவரை அந்த இடத்தில் வளையத்துக்குச் செங்குத்தாக வெளியேறுவது நல்லது. கூர்ங்கோணமாகச் சரிந்து வெளியேறும் கோடு எல்லையோடு ஒட்டி நெடுந்தூரம் போகும். பார்ப்பவருக்கு அது எல்லையின் ஒரு பகுதி போலவே தெரியும்.

இந்த இடத்தில் பிள்ளைகள் தவறாமல் ஒன்று கேட்பார்கள். அகத்தோலுக்குப் போகும் கோடு மேற்றோலையும் மேற்பட்டையையும் கடந்துதானே போகிறது, அப்படியானால் அதுவும் பக்கத்து அமைப்பைத் தொடுவதாகாதா என்று. நியாயமான கேள்வி. உள்ளே இருக்கும் ஒன்றைக் காட்ட வேறு வழியில்லை. கோடு வெளிப்படைகளைக் கடந்துதான் ஆகவேண்டும். கடந்து போகும் பகுதி எதையும் சுட்டவில்லை, முனைதான் சுட்டுகிறது. அதனால்தான் முனை எதற்குள் முடிகிறது என்பதில் இவ்வளவு கண்டிப்பு. ஆனால் கடக்காமல் போக வழி இருக்கும்போது கடந்தால் அது வேறு. உரியத்தின் உதாரணத்தில் படத்தைத் திருப்பினாலே காழைக் கடக்கத் தேவையில்லாமல் போய்விட்டது; அப்படியிருக்க ஏன் கடக்கவேண்டும்?

இதே காரணத்துக்காகத்தான் கோட்டின் முனையில் அம்புத்தலை போடாதீர்கள் என்கிறேன். அழகுக்காகச் சொல்வதில்லை. அம்புத்தலையின் இரண்டு சிறகுகளும் சேர்ந்து இரண்டு மில்லிமீற்றர் அகலம் எடுக்கும். முனை அகத்தோலுக்குள் சரியாக நின்றாலும் சிறகுகள் மேற்பட்டைக்குள் விரிந்து கிடக்கும். தடித்த கரும்புள்ளி வைப்பதிலும் இதே ஆபத்து உண்டு. வெறும் கோடே போதும்.

அழித்த கோடுகளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில்தான் உண்மையிலேயே அநியாயமாகப் புள்ளி போவதைப் பார்க்கிறேன். தாண்டிப்போன கோட்டை ஒரு மாணவி கவனித்து, அழித்துவிட்டுத் திரும்பச் சரியாக இழுத்திருப்பாள். ஆனால் முதலில் பென்சிலை அழுத்தி இழுத்ததனால், அழித்த பிறகும் தாளில் தடம் இருக்கும். திருத்துபவருக்கு அந்தத் தடமும் கோடாகவே தெரியும். கோடு பரிவட்டவுறைவரை போயிருக்கிறது என்று பிழை போட்டுவிடுவார். அந்த மாணவிக்குத் தான் சரியாகத் திருத்தியது உறுதியாகத் தெரியும் என்பதால் மனம் மிகவும் நோகும். நான் சொல்வது, பெயரிடும் கோடுகளை முதலில் மிக மெல்லியதாக இழுத்து, எல்லா முனைகளையும் ஒருமுறை பார்த்த பிறகு கடுமையாக்குங்கள் என்பதுதான். முனையை மாத்திரம் அழிக்க நேர்ந்தால், அழித்த இடத்தில் குலைந்துபோன எல்லைக்கோட்டையும் திரும்ப வரையுங்கள். பல தாள்களில் கோடு சரியாகவே இருக்கும், ஆனால் அழித்தபோது அகத்தோலின் உள்ளெல்லையும் சேர்ந்து அழிந்து, இரண்டு படைகளும் அந்த இடத்தில் ஒன்றாகிப் போயிருக்கும்.

திருத்துபவர்கள் பக்கத்திலும் தவறு நடப்பதுண்டு. மங்கலான தாளை இரவு நேரத்தில் திருத்துபவர், முனை அகத்தோலுக்குள் தெளிவாக இருக்கும்போதும் அது தாண்டிவிட்டதாக நினைத்துவிடலாம். என்னிடமே மாணவர் தாளைக் கொண்டுவந்து காட்டி, நான் திரும்பப் பார்த்துப் புள்ளி கொடுத்த சந்தர்ப்பங்கள் இருக்கின்றன. தவணைப் பரீட்சையில் இது முடியும். பொதுப் பரீட்சையில் தாளோடு போய் விளக்கம் சொல்ல இடமில்லை. அங்கே தாள் மட்டுந்தான் பேசும். அதனால் தவணைத் தாளில் ஒரு கோட்டுக்காக என்னிடம் வாதாட வரும் பிள்ளையை நான் திட்டுவதில்லை. என் சேர் செய்ததுபோலப் பெயர்களைக் கடதாசியால் மறைத்து, பக்கத்தில் நிற்கும் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறேன். அந்தப் பிள்ளை தயங்காமல் சரியான பெயரைச் சொன்னால் புள்ளி கொடுக்கிறேன். தயங்கினால் கொடுப்பதில்லை. தயக்கமும் ஒரு விடைதான் என்பதை அப்போது பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள், பெரும்பாலும் கோபமில்லாமல்.

அண்மையில் கொக்குவிலில் இருக்கும் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவின் மகள் இப்போது சாதாரண தர வகுப்பில் படிக்கிறாள். இதயத்தின் படத்துக்குப் பெயரிட்டதில் சுவாசப்பை நாடிக்குப் புள்ளி கிடைக்கவில்லை என்று தாளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "சித்தி, பெயர் சரி, இடமும் சரி. ஏன் பிழை?" முப்பது வருடத்துக்கு முந்திய என் குரலைக் கேட்டதுபோல இருந்தது.

பார்த்தேன். பெருநாடியும் சுவாசப்பை நாடியும் இதயத்தின் மேற்பக்கத்தில் நெருங்கியிருப்பவை; அவள் இரண்டுக்கும் நடுவில் இடமே விடாமல், ஒரே கோட்டை இரண்டுக்கும் பொதுச் சுவராக வரைந்திருந்தாள். பெயரிடும் கோட்டின் முனை அந்தப் பொதுச் சுவரில் நின்றது. இங்கே வேரில் உள்ளதுபோல ஒடுங்கிய படை எதுவும் இல்லை. நாடி அகலமானது, இடம் தாராளமாக இருக்கிறது. அவள் தெரிவு செய்த இடந்தான் பிழை. சுவாசப்பை நாடி கிளைவிட்டு வெளிப்பக்கமாகப் போகும் இடத்தில் அதன் பக்கத்தில் பெருநாடி இல்லை. அங்கே முனையை வைத்திருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திராது. ஒன்றைக் காட்டவேண்டுமானால் அது மிக அகலமாகவும், பக்கத்திலுள்ளவற்றிலிருந்து மிக விலகியும் இருக்கும் இடத்தைத் தேடிக் காட்டவேண்டும் என்று சொன்னேன். இரண்டு குழாய்களுக்கும் தனித்தனிச் சுவர் போட்டு, நடுவில் ஒரு மில்லிமீற்றர் வெள்ளை விட்டு வரையச் சொன்னேன்.

அவள் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "உங்களுக்கு உயிரியல் தெரியும், அதனால் உங்களுக்குப் பிழை தெரிகிறது" என்றாள். திண்ணையில் அம்மா இருந்தார். அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. இதயத்தின் படத்தை வாழ்நாளில் பார்த்திருக்கமாட்டார். பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு, தாளை அவரிடம் நீட்டச் சொன்னேன்.

"அம்மம்மா, இந்தக் கோடு இந்தக் குழாய்க்குள் நிற்கிறதா, பக்கத்துக் குழாய்க்குள் நிற்கிறதா?"

அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தாளைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். காணி எல்லைக்காக அயலவரோடு பல வருடம் வழக்குப் பேசிய மனிசி அவர்.

"இரண்டுக்குள்ளும் இல்லை பிள்ளை. கதியால் எல்லையிலே நிற்கிறது."

அவள் தாளை வாங்கி ஒரு கணம் பார்த்தாள். பிறகு அழிறப்பரைத் தேடி உள்ளே போனாள்.